“அதற்குச் சமமான ரூபாய்”

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி வீடு. மூன்று அறை. வீட்டுக்காரக் குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் இளம் கணவனும் மனைவியும், இரண்டு பேரும் கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். திறப்பும் ரசீதுப் புத்தகமும் அதே ஒழுங்கையில் இருக்கும் வீட்டுக்காரரின் அக்காவிடம். 2022 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தத்தில் வாடகையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரிதான்: “மாத வாடகை 500 அமெரிக்க டொலர், அல்லது அதற்குச் சமமான இலங்கை ரூபாய்.”

ஜனவரியில் அந்த வரியை யாரும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. டொலர் 200 ரூபாய்க்கும் 203 ரூபாய்க்கும் இடையில் அசையாமல் நின்றது. 2021 செப்டெம்பரில் இருந்து மத்திய வங்கி அதை அங்கேயே பிடித்து வைத்திருந்தது. வாடகை ஒரு லட்சத்துச் சொச்சம், அவ்வளவுதான். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் தற்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மே மாத நடுவில் டொலர் 360 ரூபாய். அக்கா படியேறி வந்தார்.

“தம்பி, இந்த மாசம் ஒரு லட்சத்து எண்பது வருகுதெண்டு அவர் சொல்லுறார்.”

“அன்ரி, எனக்குச் சம்பளம் ரூபாயிலதானே வருகுது.”

அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. ஒப்பந்தத்திலும் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகளில் கணிசமான வீடுகளுக்குச் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கிறார். குடியிருப்பவர் உள்ளூர்ச் சம்பளக்காரர். இரண்டு பேரும் ஒரே வாடகையைப் பற்றிப் பேசினாலும், ஒருவருக்கு அது டொலரின் பின்னம், மற்றவருக்கு அது சம்பளத்தின் பின்னம்.

அந்த ஒற்றை வரி இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழைத்து வைத்திருந்தது. வாடகையை எந்த நாணயத்தில் அளக்கிறோம் என்பது ஒன்று. எந்த நாணயத்தில் கையில் கொடுக்கிறோம் என்பது இன்னொன்று. டொலரில் அளந்து ரூபாயில் கொடுக்கலாம். ரூபாயில் அளந்து ரூபாயிலேயே கொடுக்கலாம். வீட்டுக்காரர்கள் பலர் “டொலர் வாடகை” என்று சொல்லும்போது மனத்தில் இருப்பது அளவுகோல்தான். ஆனால் தட்டுப்பாடு வந்ததும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு டொலரையே கேட்கத் தொடங்குவார்கள். உள்ளூர்வாசி ஒருவர் தன் வாடகையை டொலர்த் தாளாகக் கொடுக்கப் போனால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டுப் பணத்தை வாங்கவும் விற்கவும் அனுமதி பெற்ற வங்கிகளும் முகவர்களும் இருக்கிறார்கள், அதற்கு வெளியே கைமாற்றிக்கொள்ள முடியாது. அந்தக் கோடையில் அந்த வங்கிகளிடமே டொலர் இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆகவே கொடுக்கும் நாணயம் ரூபாய் என்று தெளிவாக எழுதிவிட்டு, அளவுகோலைப் பற்றி மட்டும் பேரம் பேசுவது நல்லது.

அளவுகோல் டொலர் என்று முடிவானாலும் சண்டை முடிவதில்லை. “சமமான” என்ற சொல்லுக்குள் இன்னும் சில கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வீதம்? வங்கிகள் ஒவ்வொரு நாளும் இரண்டு வீதம் போடும். உங்களிடம் இருந்து டொலரை வாங்கும் வீதம் ஒன்று, உங்களுக்கு டொலரை விற்கும் வீதம் இன்னொன்று. 2022 நடுப்பகுதியில் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறையப் பத்து ரூபாய் வித்தியாசம் இருந்தது. 500 டொலர் வாடகைக்கு அது மாதம் 5,000 ரூபாய். வீட்டுக்காரர் விற்கும் வீதத்தைக் கேட்பார், “எனக்கு 500 டொலர் வாங்க அதுதானே தேவை” என்று. குடியிருப்பவர் வாங்கும் வீதத்தைச் சொல்வார், “500 டொலரை வங்கியில் கொடுத்தால் அவ்வளவுதானே கிடைக்கும்” என்று. இரண்டு பேரின் நியாயமும் நியாயம்தான். இரண்டின் நடு எண் என்று எழுதினால் பேச்சு முடிந்தது.

யாருடைய வீதம் என்பதும் உண்டு. ஒவ்வொரு வங்கியும் கொஞ்சம் மாற்றிப் போடும். மத்திய வங்கி வர்த்தக வங்கிகளின் தந்தி மாற்று வீதங்களின் சராசரியை ஒவ்வொரு வேலை நாளும் தன் தளத்தில் வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம், பழைய திகதிகளையும் எடுக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதத் தகுந்தது அதுதான். தெரிந்தவர் சொன்ன வீதம், தரகர் சொன்ன வீதம், “மார்க்கெட் ரேட்” என்றெல்லாம் எழுதக்கூடாது. 2022 தொடக்கத்தில் வங்கி 203 சொல்லிக்கொண்டிருந்தபோது உண்டியல்காரர்கள் 240 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “மார்க்கெட்” என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டுக்காரர் எந்த எண்ணை நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

திகதியையும் விடக்கூடாது. மாதம் முதலாம் திகதி வீதம் என்றால், அன்று வீதம் தற்செயலாகக் குதித்திருந்தால் ஒரு மாதம் முழுவதும் அதன் விலையை ஒருவர் கட்டவேண்டும். முந்தைய மாதத்தின் சராசரி என்று எழுதினால் அந்தக் குதிப்பு அடங்கிவிடும். மாத முடிவில் சராசரியைக் கூட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை மட்டும் குறித்து வைக்கவேண்டும். வெள்ளவத்தைக் குடும்பத்தில் அது அக்காவின் தலையில் விழுந்தது. அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல்.

ஒன்றை யாரும் கேட்பதில்லை. ஏன் அமெரிக்க டொலர்? வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய சம்பளம், வீட்டுக்கடன், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கனடிய டொலரில். கொழும்பில் வாடகைப் பேச்சு வந்தால் அமெரிக்க டொலரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 1.26 கனடிய டொலர். 2024 கடைசியில் 1.44 அளவில். ரூபாய் விழுந்ததற்கு மேலாக, தன் ஊர் நாணயம் அமெரிக்க டொலருக்கு எதிராக இறங்கியதற்கும் சேர்த்து வெள்ளவத்தைத் தம்பி ஈடுகட்டவேண்டும் என்ற கணக்கு இது. லண்டன் குடும்பமாக இருந்தால் இன்னும் விசித்திரம். 2022 செப்டெம்பர் 26 அன்று பவுண்ட் 1.04 டொலருக்கும் கீழே போய்வந்தது. வீட்டுக்காரர் தன் இழப்பை ஈடுகட்டத்தான் வெளிநாட்டு அளவுகோல் கேட்கிறார் என்றால், அளவுகோல் அவர் செலவழிக்கும் நாணயமாக இருக்கவேண்டும். அமெரிக்க டொலர்தான் வேண்டும் என்றால் அது முதலீட்டு இலாபம். அதைக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் அதை இழப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். வாடகைக் காசு உண்மையில் ரொறன்ரோவுக்குப் போகிறதா? இந்தக் குடும்பத்தில் போகவில்லை. அதில் இருந்துதான் தொடர்மாடியின் மாதப் பராமரிப்புக் கட்டணம் போனது, சோலை வரி போனது, குழாய் திருத்தின காசு போனது. மிச்சத்தில் பெரும் பங்கு அக்காவின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும். எல்லாம் ரூபாய்ச் செலவு. அவற்றின் விலையும் ஏறியது உண்மை, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஆனால் விலைவாசிக்காக வாடகையை ஏற்றுவதும் டொலருக்காக வாடகையை ஏற்றுவதும் ஒரே காரணமல்ல. காசு கொழும்பிலேயே செலவாகும் வீட்டுக்கு ரூபாய் வாடகையும் ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துத் திருத்தமும் போதும். காசு கடல் கடந்து போகிற வீட்டுக்குத்தான் வெளிநாட்டு அளவுகோலுக்கு உண்மையான தேவை இருக்கிறது.

கடல் கடந்து போகவேண்டும் என்றால், அது வாடகை ஒப்பந்தத்தில் தொடங்குவதில்லை, வீடு வாங்கிய நாளிலேயே தொடங்குகிறது. வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக, உள்முக முதலீட்டுக் கணக்கின் ஊடாகப் பணம் கொண்டுவந்து வாங்கிய வீடாக இருந்தால், அதன் வருமானத்தையும் பின்னர் விற்ற காசையும் அதே வழியால் திரும்ப எடுத்துப் போக ஒரு பாதை இருக்கிறது. வேறு விதமாக, உண்டியலில் அனுப்பியோ ஊர்க்காசைச் சேர்த்தோ வாங்கியிருந்தால், அந்தப் பாதைக்கான கடதாசி இல்லை. நெருக்கடிக் காலத்தில் வெளியே போகும் மூலதனப் பணத்துக்கு அரசு அடிக்கடி தடைகளும் வரம்புகளும் போட்டது. ஆகவே வீட்டுக்காரர் முதலில் தன் வங்கியிடம், இந்த வீட்டு வாடகையை எந்தக் கணக்கில் வாங்கலாம், எதில் இருந்து அனுப்பலாம் என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கவேண்டும். அனுப்பவே வழியில்லாத ரூபாயை டொலரில் அளந்து என்ன பயன்?

வழியில்லாதபோது ஆட்கள் செய்யும் ஏற்பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடியிருப்பவரின் அண்ணர் ரொறன்ரோவில் இருப்பார். “நான் அங்க அவற்றை கணக்கில போட்டுவிடுறன், நீ இஞ்ச அம்மாவுக்குக் குடு.” இரண்டு பக்கமும் காசு கடல் தாண்டாமலே கணக்கு முடிந்துவிடும். சுலபம், கட்டணமும் இல்லை. செலாவணிச் சட்டத்தின் கண்ணில் இதற்கும் உண்டியலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஒரு பக்கம். குடியிருப்பவருக்கு அதைவிடப் பெரிய தலையிடி ரசீது. அண்ணர் போட்ட காசு இந்த வீட்டின் மார்ச் மாத வாடகை என்பதற்கு எந்தக் கடதாசியும் இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் மனக்கசப்பு வந்த அன்று “மூன்று மாசம் வாடகை நிலுவை” என்று சட்டத்தரணியின் கடிதம் வரும். ரூபாயில், வங்கி வழியாக, வீட்டு இலக்கத்தையும் மாதத்தையும் குறிப்பில் எழுதிப் போடுகிற காசுக்குத்தான் சாட்சி உண்டு.

முற்பணத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. கொழும்பில் ஆறு மாதம், சிலவேளை ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்பது வழமை. வருட வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அந்த வருடத்துக்கு டொலர் வாசகம் வெறும் அலங்காரம்தான். கொடுத்த நாளின் வீதமே வருடம் முழுவதுக்கும். 2022 ஜனவரியில் அப்படிக் கொடுத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்புப் பணம் வேறு மாதிரி. டொலர் 200ஆக இருந்தபோது 600,000 ரூபாய் வாங்கி வைத்த வீட்டுக்காரர், “எல்லாம் டொலர்க் கணக்கு” என்று எழுதியிருந்தால், 360இல் வீடு காலியாகும்போது 1,080,000 ரூபாய் கொடுக்கவேண்டும். வாடகையை டொலரில் அளந்து, வைப்பை மட்டும் ரூபாயில் அளப்பேன் என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்திடும் முன் அதைச் சொல்லி, வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அது பேரம். வீடு காலியாகும்போது சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

வெள்ளவத்தைக் கதைக்குத் திரும்புவோம். 180,000 கட்டமுடியாது என்று தம்பி சொல்ல, 100,000க்கு வாடகைக்கு விடுவதென்றால் வீட்டைப் பூட்டி வைப்பேன் என்று ரொறன்ரோ சொல்ல, இரண்டு வாரம் வட்ஸ்அப்பில் போனது. 100,000 என்றால் 360 வீதத்தில் அது 278 டொலர், வீட்டுக்காரரின் கோபத்திலும் காரணம் இல்லாமல் இல்லை. கடைசியில் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தார். நான் பார்த்தவற்றில் அது நல்லதாகப் படுவதால் அப்படியே விளக்குகிறேன்.

அடிப்படை வாடகை 100,000 ரூபாய். அடிப்படை வீதம் 200, அதாவது ஜனவரியில் கையெழுத்திட்டபோது இருந்ததைக் கணக்கு வசதிக்காக வட்டமாக்கிய எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முந்தைய மாதத்தின் சராசரி நடு வீதத்தைப் பார்ப்பது. அடிப்படையில் இருந்து 10 சதவீதத்துக்குள் மாற்றம் என்றால் வாடகையில் கைவைப்பதில்லை. அதற்கு மேல் போனால், மேலே போன பங்கில் பாதியை மட்டும் வாடகையில் சேர்ப்பது, மற்றப் பாதியை வீட்டுக்காரர் தாங்குவது. எவ்வளவு ஏறினாலும் முதல் வருடத்துக்குள் வாடகை 125,000ஐத் தாண்டாது. இறங்கினால் அதே சூத்திரத்தில் இறங்கும்.

ஜூலையில் போட்டுப் பார்த்தார்கள். ஜூன் சராசரி 360 அளவில். 200இல் இருந்து 80 சதவீத ஏற்றம். பத்தைக் கழித்தால் 70. அதில் பாதி 35. சூத்திரப்படி 135,000, ஆனால் உச்ச வரம்பு 125,000. வீட்டுக்காரருக்கு அது 347 டொலர். முழு டொலர் அளவுகோலில் 500 வந்திருக்கும், முழு ரூபாயில் 278. தம்பிக்கு மாதம் 25,000 கூடுதல். நோகத்தான் செய்தது, ஆனால் வீடு மாறுவதைவிடக் குறைவு.

அடுத்த ஆண்டு வரம்பு போனது, ஜனவரித் திருத்தத்தில் வீதம் இன்னமும் 360ஐ ஒட்டியே நின்றதால் வாடகை 135,000க்குப் போனது. பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் கடன் 2023 மார்ச்சில் கிடைத்தது, ரூபாய் தலை நிமிர்ந்தது. நடுவருடத்தில் வீதம் 300 பக்கம் வந்தது. 300 என்றால் 50 சதவீத ஏற்றம், பத்தைக் கழித்தால் 40, பாதி 20, ஆகவே 120,000. பதினைந்தாயிரம் குறைய வேண்டும்.

இந்த இடத்தில்தான் இதுபோன்ற ஏற்பாடுகள் முறிகின்றன. ஏற்றும்போது சூத்திரத்தை மனப்பாடமாகச் சொன்ன வீட்டுக்காரர், இறங்கும்போது “சாமான் விலை இறங்கவில்லையே” என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கும், சாமான் விலை இறங்கத்தான் இல்லை. ஆனால் டொலரை அளவுகோலாகக் கேட்டது அவர்தான். ரொறன்ரோக்காரர் மூன்று நாள் மறுமொழி போடவில்லை. நாலாம் நாள் “சரி, கடதாசியில இருக்குதானே” என்று ஒரு வரி வந்தது.

அந்தக் கடதாசி செல்லுபடியானதா என்பது தனிக் கேள்வி. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதவேண்டும். கொழும்பில் பலர் தரகர் தரும் அச்சுத் தாளில் பெயரை நிரப்பி முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். நல்ல காலத்தில் அது போதும். வீதம் 200இல் இருந்து 360க்குப் போன மாதத்தில் நீதிமன்றம் அந்தத் தாளை எவ்வளவு தூரம் ஏற்கும் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது. வெளிநாட்டுக் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல்: அக்கா கையெழுத்திடுவதானால் அவரிடம் அற்றோர்ணித் தத்துவம் இருக்கவேண்டும். அதில் வாடகை வாங்க மட்டும் அதிகாரம் கொடுத்திருந்தால், அளவுகோலை மாற்றவோ குறைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. மே மாதம் படியேறி வந்த அக்கா உண்மையில் செய்தி கொண்டுவந்தவர் மட்டுமே.

வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுக்கும்போது நிறுத்திவைத்தல் வரி என்ற ஒன்றும் இருக்கிறது. வீதத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது, 500 டொலர் என்பது வரிக்கு முந்திய தொகையா பிந்திய தொகையா என்பது.

2024 கடைசியில் வீதம் 290களில் நின்றபோது அந்த வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், இம்முறை நொத்தாரிசிடம். அடிப்படை வீதம் 200 என்பது பழைய உலகத்தின் எண் என்று வீட்டுக்காரரே சொல்லி 293ஆக்கினார்கள். அடிப்படை வாடகை 130,000. வீட்டுக்காரர் இப்போது கனடிய டொலரில் அளப்போமா என்று கேட்டாராம். தம்பி யோசித்துப் பார்த்துவிட்டு, அன்ரி மாதம் ஒருமுறை இரண்டு நாணயத்தின் சராசரியைப் பார்க்கவேண்டி வரும் என்றார். அக்கா உடனே இரண்டு பேரையும் பேசி நிறுத்திவிட்டார். அமெரிக்க டொலரிலேயே இருக்கிறது.